ஒரு சிறு அழைப்புத் துண்டு

எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள். கண்டியிலிருக்கும் தங்கை இளவறுவலாகவும் கறுப்பாகவும் வறுத்த இரண்டு வகைக் கோப்பிக்கொட்டை அனுப்பியிருந்தாள். எங்கள் கோடியில் நிற்கும் மரத்துக் கொட்டையையும் வறுத்து வைத்திருந்தேன். மூன்றையும் அயலவர்களுடன் சேர்ந்து ருசி பார்க்கலாமே என்று நினைத்து, "ஞாயிறு காலை கோப்பி குடிக்க வாருங்கள்" என்று ஒரு வரி எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரி போதவில்லை. ஒருவர் ஏழு மணிக்கு வந்தார். இன்னொருவர் பத்து மணிக்கு, கையில் பரிசுப் பொதியுடன். புட்டும் சம்பலும் சாப்பிட்டு வந்தவருக்கு மூன்று கோப்பியும் ஒன்றாகவே இருந்தன. முன்வீட்டு மாமி வரவேயில்லை. பின்னேரம் போய்க் கேட்டேன். "ஏதோ நல்ல காரியமாக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை. நான் வந்து நிண்டால் சரியில்லைத்தானே" என்றார். கணவரை இழந்தவர் அவர். நான் எழுதாமல் விட்ட ஒரு சொல் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இரண்டு கிழமை கழித்து வேறு துண்டு எழுதினேன்:

"அன்புடையீர், வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு எங்கள் வீட்டில் மூன்று வகைக் கோப்பியை ருசி பார்க்கிறோம். 10 மணிக்கு முடிந்துவிடும். விசேஷம் எதுவுமில்லை, எல்லோரும் வாருங்கள். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அன்று காலை உறைப்பையும் சென்ற் பூசுவதையும் தவிர்த்தால் ருசியும் மணமும் நன்றாகத் தெரியும். கோப்பி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மல்லித்தண்ணீர் உண்டு. வருவதைச் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

நேரத்தைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. கொட்டையை அப்போதுதான் அரைக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீர் 180 மில்லிலீற்றர் ஊற்றி, நான்கு நிமிடம் விட வேண்டும். பிறகு மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் கலைத்து, நுரையை வழித்தெடுத்து, இளஞ்சூட்டில் கரண்டி கரண்டியாக உறிஞ்ச வேண்டும். பாலும் சீனியும் அதன் பிறகுதான். பிந்தி வருபவருக்கு ஆறிய கோப்பிதான் மிஞ்சும்.

இம்முறை மாமி எல்லோருக்கும் முன்பே வந்தார். மூன்றாவது கோப்பையை மணந்ததும் முகம் சுளித்தார். "இது தாச்சியிலை கருகினது." அது என் மரத்துக் கோப்பி! ஒரு கொட்டையை வாங்கிக் கடித்து இரண்டாக்கிக் காட்டினார். வெளியே கறுப்பு, உள்ளே வெளிறல். நெருப்புக் கூடினால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். அதனால்தான் கரிக் கசப்பும் பச்சை வாடையும் சேர்ந்து வந்தன.

"சின்ன நெருப்பிலை, கை விடாமல் கிண்ட வேணும். அடுத்த முறை வறுக்க நான் வாறன்" என்றார் மாமி.

அடுத்த துண்டை அவருடைய பெயரையும் சேர்த்து எழுதப்போகிறேன்.