மூன்று எழுத்துகளுக்குள் ஒரு பெயர்



சென்ற மாதம் நியூஜெர்சியில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பேத்தி ரூத் என்னை ஒரு கூடத்திற்கு அழைத்துச் சென்றாள். நாணயம் போட்டு விளையாடும் பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களைப் பழுது நீக்கி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் இடம் அது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்று ‘சென்டிபீட்’ என்னும் விளையாட்டில் அவள் 11,472 புள்ளிகள் எடுத்தாள். எட்டுப் பேர் இடம்பெறும் பட்டியலில் ஆறாம் இடம் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணுக்கு எதிரே AAA என்று பதிந்துவிட்டது.

வீட்டிற்கு வந்து தன் தகப்பனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். “AAA என்றால் யாராகவும் இருக்கலாமே” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், அவளோ இரவு உணவு முடியும்வரை பேசவே இல்லை.

அது எப்படி நேர்ந்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த இயந்திரத்தில் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது விளையாடப் பயன்படும் அதே உருளும் பந்தினால்தான். எழுத்தை உறுதி செய்வது சுடும் பித்தானால். கடைசி உயிர் போன பிறகும் சில நொடிகள் கை சுட்டுக்கொண்டே இருக்கும். பெயர் கேட்கும் திரை வந்ததை மனம் அறியுமுன், விரல் மூன்று முறை அழுத்திவிடும். முதல் எழுத்தான A மூன்று முறை பதிவாகிவிடும். பழைய பட்டியல்களில் AAA அத்தனை முறை காணப்படுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆகவே நான் அவளுக்குச் சொன்ன முதல் விதி மிக எளியது: ஆட்டம் முடிந்தவுடன் இரண்டு கைகளையும் இயந்திரத்தைவிட்டு எடுத்துவிடு, ஒரு முறை மூச்சுவிடு, பிறகு பந்தைத் தொடு.

“சரி தாத்தா, தொட்டபின் எதை எழுதுவது?” என்று கேட்டாள். இந்த வாரம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். ஏனெனில் இதே கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் வந்தது.

1981ஆம் ஆண்டின் குளிர்காலம். நான் சிகாகோவில் மேற்படிப்பு மாணவன். சனிக்கிழமைதோறும் துணி துவைக்க, காசு போட்டு இயக்கும் சலவைக்கடைக்குச் செல்வேன். துணி சுழலும் அரைமணி நேரம் அங்கேயே காத்திருக்கவேண்டும். கதவருகே ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ இயந்திரம் ஒன்று நின்றது. கருந்திரையில் வெண்கோடுகளால் வரைந்த பாறைகள் மிதந்து வரும். ஒரு சிறு முக்கோணக் கப்பலால் அவற்றைச் சுடவேண்டும். ஒரு ஆட்டத்திற்கு இருபத்தைந்து சென்ட். மாணவனுக்கு அது சிறு தொகையன்று.

1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ உயர்ந்த புள்ளியை வெறும் எண்ணாகவே காட்டியது. அதை எடுத்தவர் யாரென்று காட்டவில்லை. மறு ஆண்டு வந்த ‘ஸ்டார் ஃபயர்’, ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ ஆகியவை எண்ணுக்கு எதிரே மூன்று எழுத்துகளுக்கு இடம் கொடுத்தன. அன்றைய இயந்திரங்களில் நினைவகம் மிகச் சிறியது. மேலும், பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று முதலெழுத்துகளால் தங்களைக் குறித்துக்கொள்வது அமெரிக்கர்களின் வழக்கம். அவர்களுக்கு மூன்று எழுத்து சட்டையைப்போலப் பொருந்தியது. நமக்கோ?

என் பெயர் ஜெயசீலன். தகப்பனார் பெயர் தேவசகாயம். ஊரில் நான் D. ஜெயசீலன். அமெரிக்கப் படிவத்திலோ தகப்பனார் பெயர் கடைசிக்குப் போய்க் குடும்பப்பெயராகிவிட்டது. எல்லோரும் என்னைத் ‘திரு. தேவசகாயம்’ என்றே அழைத்தார்கள். பட்டியலின் பத்தாம் இடத்தை நான் முதன்முதலில் பிடித்த நாளில், நம் ஊர் முறைப்படி DJ என்று எழுதி, மூன்றாம் இடத்தை வெற்றாக விட்டேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த இளைஞன், “நீங்கள் வானொலியில் பாட்டுப் போடுபவரா?” என்று கேட்டான். அந்நாட்டில் அந்த இரண்டு எழுத்துகளுக்கு அந்த ஒரு பொருள்தான் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் முறையை மாற்றி JD என்று எழுதினேன். அதில் வேறு சிக்கல் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை நான் கடைக்குள் நுழைந்தபோது, பட்டியலின் மூன்றாம் இடத்தில் JD என்று நின்றது. 38,000க்கு மேல் புள்ளிகள். அன்று நான் அதுவரை ஆடவே இல்லை. சில்லறை மாற்றித் தரும் அம்மையார் எழுந்து வந்து என் தோளைத் தட்டிப் பாராட்டினார். நான் மறுத்தேன், அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்த ஊரில் ஜான், ஜேம்ஸ், ஜோசப், ஜேன் என்று J வீதிக்கு வீதி இருந்தது. இருபத்தாறு எழுத்துகளைக்கொண்டு 17,576 மூன்றெழுத்துச் சேர்க்கைகள் அமைக்கலாம். ஆனால் மக்கள் அவற்றில் சிலவற்றிலேயே நெருக்கியடித்து நிற்கிறார்கள். வேறொருவருடைய புகழை என் எழுத்துகள் எனக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அது எனக்கு உறுத்தியது.

அன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பெயரின் முதல் மூன்றெழுத்து JEY. அது அந்த ஊரார் வாயில் J என்றே ஒலிக்கும். உயிரெழுத்துகளை நீக்கினால் JYS. நெருங்கிவந்தது, ஆனால் யாராலும் வாசிக்க முடியவில்லை. வீட்டில் என்னைச் ‘சீலன்’ என்பார்கள். அதன் முதல் மூன்றெழுத்தோ SEE, அதாவது ‘பார்’. திரையில் அது கட்டளைபோல் நிற்கும்.

பிறகுதான் ஒன்று தோன்றியது. பட்டியலில் என் பெயர் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? என்னுடையது என்று எனக்குத் தெரிந்தால் போதாதா? என்னைப் படிக்க அனுப்பியவள் என் அக்காள். வேலூரில் செவிலியாகப் பணிசெய்து, தன் சம்பளத்திலிருந்து என் விமானச் சீட்டுக்குப் பணம் கட்டினாள். அக்கா என்பதை அவர்கள் எழுத்தில் எழுதினால் AKA.

இதை நான் பயன்படுத்தத் தொடங்கியபின்தான் அதன் வசதிகள் விளங்கின. அந்த இயந்திரத்தில் எழுத்தை மாற்றக் கப்பலைத் திருப்பும் பித்தான்களையே அழுத்தவேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். எழுத்தை நிலைப்படுத்துவது ‘ஹைப்பர்ஸ்பேஸ்’ பித்தான். அதை ஒருமுறை அழுத்தினால் திரும்ப வழியில்லை. படபடப்பில் இருப்பவனுக்கு நெடுங்கணக்கின் நடுவிலிருக்கும் M, N போன்றவை தொலைவு, தாண்டிப் போய்விடுவோம். A வாசற்படியிலேயே நிற்கிறது. K அதிலிருந்து பத்து அடிதான். கோடுகளால் வரைந்த அந்தத் திரையில் O என்ற எழுத்தும் சுழியம் என்ற எண்ணும் ஒரே பெட்டிவடிவம். ஆனால் A, K இரண்டையும் நான் உலர்த்தும் இயந்திரத்தருகே நின்றே அடையாளம் கண்டுகொண்டேன். இருபுறமும் ஒரே எழுத்து நின்றதால் அது ஒரு சிறு வீடுபோலவும் தெரிந்தது.

அமெரிக்கர்கள் அதை வேறு விதமாக வாசித்தார்கள். காவல்துறை அறிவிப்புகளில் ‘இன்ன பெயராலும் அறியப்படுபவர்’ என்பதற்கு அந்த மூன்றெழுத்தே சுருக்கம். புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட எவனோ என்று எண்ணினார்கள். அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தவறாக வாசித்தார்களே தவிர, என்னை வேறொருவரோடு குழப்பவில்லை.

ஆஸ்டிராய்ட்ஸ் தன் பட்டியலை மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். கடைக்காரர் இரவு பத்து மணிக்கு ஆளியை அணைப்பார். காலையில் பட்டியல் வெறுமையாக இருக்கும். ‘உன் பெயர் சனிக்கிழமை மாலை ஐந்து மணிமுதல் இரவு பத்து மணிவரை சிகாகோவில் ஒளிர்ந்தது’ என்று அக்காளுக்கு வான்மடல் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: “படிக்கப் போனாயா, காசு போட்டு விளையாடப் போனாயா? எத்தனை காசு, அதை எழுது.” கணக்குப் பார்த்தேன். பதினொரு டாலர். எழுதி அனுப்பினேன். அதற்குப் பின் மாதம் ஒரு நாணயம் என்று குறைத்துக்கொண்டேன். அவளுடைய அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அவள் இல்லை.

ரூத்திடம் இவ்வளவையும் சொன்னேன். சமையலறை மேசையில் அவளும் ஒரு தாளை எடுத்தாள். அவள் பெயர் RUTH; ஒரே ஓர் எழுத்துதான் அதிகம். அதுவே தொல்லை என்று கண்டாள். கடைசி எழுத்தை வெட்டினால் RUT. அது ஆங்கிலத்தில் வண்டிச்சக்கரம் பதித்த பள்ளம், இன்னும் சில பொருள்களும் உண்டு. பள்ளியில் கேலி செய்வார்கள். RTH என்றால் ஒலி ஏறக்குறைய நிற்கிறது. உயிரெழுத்தைத்தான் வெட்டவேண்டும், மெய்யை அன்று என்று தானே கண்டுபிடித்தாள். முதலெழுத்துகளை எடுத்தால் RJ. அவளுடைய குடும்பப்பெயர் என் பெயர்தான். “இதில் பாதி நீங்கள்” என்றாள். எனக்கு மகிழ்ச்சியாய் இருந்தது. ஆனால் வீதிக்கு வீதி நிற்கும் அந்த J பற்றியும் சொல்லிவைத்தேன்.

மறு சனிக்கிழமை மீண்டும் சென்றோம். நான்காவது ஆட்டத்தில் 14,206 வந்தது, ஐந்தாம் இடம். கைகளை எடுத்தாள். மூச்சுவிட்டாள். பந்தை விரல்நுனியால் உருட்டினாள். வேகமாக உருட்டினால் எழுத்து தாண்டி ஓடும் என்பதை முன் தினமே அவளுக்குச் சொல்லியிருந்தேன். திரையில் பதிந்தது RTH அன்று, RJயும் அன்று. KVI என்று இருந்தது.

“அது என்ன?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாது தாத்தா” என்றாள்.

சென்டிபீட் சற்றே தாராளமானது. முதல் மூன்று இடங்களை மட்டும், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நான்காம் இடம் முதல் எட்டாம் இடம்வரை ஆளியோடு போய்விடும். இதைச் சொன்னதும் அவள் திரையருகே குனிந்து மூன்றாம் இடத்தின் எண்ணைப் பார்த்தாள். 24,318. எதிரே ஏதோ மூன்றெழுத்து, யாரோ ஒருவர்.

“எத்தனை நாணயம் வைத்திருக்கிறீர்கள்?” என்றாள். சட்டைப்பையில் துழாவி, இருந்த இரண்டையும் அவளிடம் கொடுத்தேன்.