ஒன்பது மணிக்குப் பள்ளி: பெற்றோருக்கு ஒரு ஒப்புதல் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் காலை 9 மணிக்குத்தான் முதல் மணி அடிக்கும். 7.30 சிறப்பு வகுப்பு இனிக் கிடையாது. இதை இரண்டு வரிச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சிறப்பு வகுப்பைக் கொண்டுவந்தவனே நான்தான். அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போக மனசு ஒப்பவில்லை.

எதற்காகக் கொண்டுவந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரிசல்ட்டுக்காக. பக்கத்துப் பள்ளி 8 மணிக்கு ஆரம்பித்தால் நாம் 7.30, அவ்வளவுதான் யோசனை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வைக்கும் பிளக்ஸில் எத்தனை சென்டம் போடலாம் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. அந்த வகுப்பில் தூங்கி வழிந்த பிள்ளைகளை எழுப்பி வராந்தாவில் நிற்க வைத்தேன். முகம் கழுவிவரச் சொன்னேன். உங்களில் சிலரை வரச்சொல்லி, “ராத்திரி முழுக்கச் செல்போன் பார்க்கிறான், கொஞ்சம் கவனிங்க” என்று புத்தி சொன்னேன். அப்படிக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து போனவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

என் கண்ணைத் திறந்தது ஒரு இயற்பியல் நோட்டு. பன்னிரண்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும்போது, காலை வகுப்பில் எழுதிய பக்கங்களில் எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தது. ஒரே சொல் இரண்டு தடவை. ஒரு வாக்கியம் பாதியில் நின்று, பேனா இழுத்த கோடாக ஓரம் வரை போயிருந்தது. அதே மாணவியின் மதிய வகுப்புப் பக்கங்கள் அச்சடித்த மாதிரி இருந்தன. கண் திறந்திருக்க மூளை சில விநாடி தூங்கிவிடும் என்று மருத்துவர்கள் சொல்வதைப் படித்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அந்த நோட்டில்தான் பார்த்தேன். சோம்பேறி என்று நான் வராந்தாவில் நிறுத்திய பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

நான் காலை நாலரைக்கே எழுந்துவிடுவேன். அதை ஒழுக்கம் என்று இறைவணக்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். பிற்பாடுதான் விவரம் புரிந்தது. இருட்டியதும் தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற சுரப்பு, பருவ வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தித்தான் ஆரம்பிக்கிறது. அதோடு, பகல் முழுக்க விழித்திருப்பதால் சேரும் தூக்க அழுத்தமும் அந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் பதினைந்து வயதுப் பிள்ளை கொட்டக்கொட்ட விழித்திருப்பது இதனால்தான். இந்தப் பிந்துதல் இருபது வயதையொட்டி உச்சத்துக்குப் போய், பிறகு வயது ஏற ஏற முன்னால் நகர்கிறது. ஆக, நான் நாலரைக்கு எழுவது ஒழுக்கத்தால் அல்ல, வயதால். ஐம்பதைத் தாண்டியவன் தன் உடம்புக்குத் தோதாகக் கால அட்டவணை போட்டுப் பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கிளப்பியிருக்கிறேன். பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் நிற்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் எட்டு மணிக்கு விளக்கணைத்துப் படுத்தவர்கள்.

கணக்கைப் பாருங்கள். கோபால்பட்டிப் பக்கமிருந்து வரும் பிள்ளைக்கு வேன் 6.20க்கு. குளித்துக் கிளம்ப 5.15க்கு எழ வேண்டும். பதினோரு மணிக்குத் தூக்கம் பிடித்தால் கிடைப்பது ஆறே கால் மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர் அமைப்பு 2016இல் சொன்னது. புது நேரத்தில் வேன் 7.50க்கு வரும், 6.45க்கு எழுந்தால் போதும். அப்போதும் ஏழே முக்கால்தான். குறைந்தபட்ச அளவுக்கே இன்னும் கால் மணி நேரம் பாக்கி.

நேரத்தைத் தள்ளினால் அதற்கேற்பப் படுப்பதையும் தள்ளிவிடுவார்களே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. படிப்புக்காகத் தூக்கத்தை விற்கும் ஊர் அது, நம்மைப் போலவே. அங்கே 375 மாணவிகளைக் கவனித்து வந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது படுக்கும் நேரம் 9 நிமிடம் பிந்தியிருந்தது, எழும் நேரம் சுமார் 32 நிமிடம் பிந்தியிருந்தது. மிச்சமான சுமார் 23 நிமிடம் படுக்கையில் கூடுதலாகக் கிடைத்தது. ஒன்பது மாதம் கழித்தும் அது கரையவில்லை. கையில் கட்டிய கருவி அளந்த உண்மையான தூக்கம் மட்டும் பார்த்தால் கூடியது 10 நிமிடம்தான். நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்ததில் கிடைத்தது அவ்வளவே. ஆனாலும் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. அதிசயம் நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

நம் நாட்டில் மகாராஷ்டிர அரசு 2024இல் நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் பள்ளி கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் சேவல் கூவுமுன் எழுகிற சின்னப் பிள்ளைகளுக்குச் சலுகை, எழ முடியாத பெரிய பிள்ளைகளுக்கு இல்லை என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

அமெரிக்காவில் சில ஊர்களில் பள்ளிப் பேருந்தில் சின்னவர்களை முதல் நடையிலும் பெரியவர்களை இரண்டாவது நடையிலும் ஏற்றுகிறார்கள். அதையும் யோசித்தேன். ஐந்து வயதுக் குழந்தையை 6.20க்கு நத்தம் ரோட்டில் நிறுத்த மனம் வரவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே நடைதான். கூடுதலாக ஒரு வேன் அமர்த்தியிருக்கிறோம், இந்த ஆண்டு வேன் கட்டணம் ஏறாது. மாலை 4.30க்கு விடுவதில் மாற்றமில்லை. அன்றாடம் நடந்த இறைவணக்கக் கூட்டத்தை வாரம் இரண்டாகக் குறைத்திருக்கிறோம். சிறப்பு வகுப்பில் நடந்த தேர்வுப் பயிற்சி கடைசிப் பாடவேளைக்குப் போகிறது.

வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் காலை ஷிப்ட் போகும் பெற்றோருக்கு இது சங்கடம் என்று தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். அவர்கள் பிள்ளைகளுக்காக வாசல் 7 மணிக்கே திறந்திருக்கும், நூலகத்தில் ஒரு ஆசிரியர் இருப்பார். பாடம் நடத்த மாட்டார். மேசையில் தலை சாய்த்துத் தூங்கினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். நிலக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மிச்சமான நேரத்தை மல்லி பறிக்க எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கம் பற்றவில்லை என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மற்ற நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால், மூன்று தடவை எழுப்பியும் எழவில்லையென்றால், வேனில் ஏறியதும் கண்ணயர்ந்தால் பாக்கி இருக்கிறது. செல்போனைப் பற்றி முன்பு நான் சொன்னதில் பாதி சரி. தூக்கத்தைத் தள்ளியது அது மட்டுமல்ல, ஆனால் அதுவும்தான். பத்து மணிக்கு அதைக் கூடத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள், நீங்களும் வையுங்கள்.

விடியற்காலை ஐந்தரை மணிக் கணக்கு டியூஷன் இருக்கிறதே, அதை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. அதை மாலைக்கு மாற்றிக் கேட்க வேண்டியது நீங்கள்தான். மாற்றாவிட்டால் இந்த ஏற்பாட்டால் எந்தப் பலனும் இல்லை. காலாண்டில் சராசரி இறங்கினால் அதற்குப் பொறுப்பு நான், பிள்ளைகள் இல்லை. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை 11 மணிக்கு வாருங்கள், அறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
திண்டுக்கல்