476 என்று எழுதிய பிள்ளைகளுக்கு

இந்த மாதக் கடைசியோடு எனக்குப் பணி ஓய்வு. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் என்னிடம் படித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கடனை ஒத்துக்கொள்ளாமல் சொல்லும் நன்றி பொய்யாகிவிடும். உங்களில் பலருடைய கணக்கு நோட்டில் சிவப்பு மையால் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் கவனமாகத்தான் போட்டிருந்தீர்கள். பார்க்காமல் விட்டது நான்தான்.

கடன் வாங்கிக் கழித்தல் உங்களுக்கு நினைவிருக்கும். 502-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்வேன். விடை 324. வகுப்புக்கு நாலைந்து பேராவது 476 என்று எழுதுவார்கள். பெருக்கல் குறி போட்டு, பத்துத் தடவை எழுதி வரச் சொல்வேன். பத்துத் தடவையும் 476 என்றே எழுதி வருவார்கள். பிடிவாதம் என்று நினைத்து, அந்தப் பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன்.

அவர்களில் ஒரு பெண், நான்காம் வகுப்பு. சந்தையில் கீரை விற்கும் பாட்டியோடு லீவு நாளில் கூடவே போவாள். ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்: “502 ரூபாய் வெச்சிருக்கே, 178 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மீதி 476 ரூபாயா வரும்?” யோசிக்கவே இல்லை. “324 டீச்சர்” என்றாள். எப்படி என்றேன். “178 கூட ரெண்டு போட்டா 180, இருபது போட்டா 200, அப்புறம் 302.” இரண்டும் இருபதும் முந்நூற்று இரண்டும் சேர்ந்து 324. தாளைக் காட்டி, “அப்போ இது?” என்றேன். “எட்டுல ரெண்டு போனா ஆறு, ஏழுல சைபர் போனா ஏழு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு. நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பெரிசுலேருந்து சின்னதைக் கழிக்கணும்னு.”

ஆமாம், நான்தான் சொன்னேன். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும், 9-லிருந்து 4 கழிக்கும்போது, எளிமையாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு நாளும் சொன்ன வாக்கியம் அது. அந்த வயதில் அது எந்தக் கணக்கையும் கெடுக்காது. 86-லிருந்து 34 போனால் 52, அப்போதும் கெடுக்காது. மேலே சின்ன இலக்கமும் கீழே பெரிய இலக்கமும் வரும் நாளில்தான் வினை. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்ட பிள்ளை, எது மேலே எது கீழே என்று பாராமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும். என் பேச்சை மிகவும் மதித்து நடந்த பிள்ளைக்கே நான் தண்டனை கொடுத்தேன்.

அன்றே நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அதைத்தான் குற்றமாகச் சொல்கிறேன். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் அதே சிவப்பு மையோடு ஓட்டினேன். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவர் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. ஆண்டு விழா மேடைகளில் அதைப் பெருமையாகப் பேசுவேன். இறங்கி வந்து என் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் ‘எப்படிப் போட்டாய்’ என்று கேட்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

பிறகு ஒரு பயிற்சியில், ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் எழுதிய கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளின் தவறான கழித்தல்களைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள். பல தவறுகள் தற்செயலானவை அல்ல, பிள்ளை ஏதோ ஒரு தப்பான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. கீரைக்காரப் பாட்டியின் பேத்தி எனக்கு முன்பே சொன்னதுதான்.

அதற்குப் பிறகுதான் தப்பு விடைகளைப் படிக்கத் தொடங்கினேன். அதே 502 − 178 கணக்கில் 476 வந்தால், பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 424 வந்தால் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் சைபரை ஒன்பதாக்கிவிட்டு, நூறின் இடத்து ஐந்தை நான்காகக் குறைக்க மறந்திருக்கிறது. 234 வந்தால், சைபரிடம் ஒன்றும் இல்லையே என்று அதைத் தாண்டி நேராக ஐந்திடம் கடன் வாங்கி, பத்தின் இடத்துக்கு மறுபடியும் ஒரு தடவை வாங்கியிருக்கிறது. மூன்றுக்கும் நான் ஒரே பெருக்கல் குறிதான் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் வேண்டிய உதவி வேறு வேறு.

ஒரு கணக்கை வைத்து முடிவு கட்டவும் கூடாது. பசியிலும் தூக்கத்திலும் யாருக்கும் தப்பு வரும். 63 − 28, 241 − 76 என்று இன்னும் இரண்டு கொடுத்துப் பார்ப்பேன். 45 என்றும் 235 என்றும் வந்தால் அதே விதிதான். ஒன்று சரி, ஒன்று தப்பு என்று மாறி மாறி வந்தால் மறுநாள் பார்க்கலாம். சில பிள்ளைகள் இன்று ஒரு விதி, நாளை ஒரு விதி என்றும் போடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

சரிசெய்ய ரூபாய் நோட்டுகளே போதும். அட்டையில் வெட்டிய ஐந்து நூறு ரூபாய், இரண்டு ஒரு ரூபாய். இதிலிருந்து 178 ரூபாய் எனக்குக் கொடு என்பேன். எட்டு ஒரு ரூபாய் கொடுக்க முடியாது, பத்து ரூபாயும் கையில் இல்லை. பிள்ளையே ஒரு நூறை நீட்டி மாற்றிக் கேட்கும். பத்து ரூபாய் நோட்டுகள் பத்து கொடுப்பேன். அதில் ஒன்றை மறுபடி சில்லறையாக்கும். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. சைபர் ஏன் ஒன்பதாகிறது, ஐந்து ஏன் நான்காகிறது என்பதைப் பிள்ளை கையாலேயே பார்த்துவிடும். அதன் பிறகுதான் தாளில் எழுத வைப்பேன். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்வதையும் விட்டுவிட்டேன், அந்த மாதிரிக் கடனைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையே என்று ஒரு பையன் நியாயமாகக் கேட்ட பிறகு.

கடைசி ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்களுக்கு இது கிடைத்தது. முன்னால் படித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. உங்களில் சிலர், ‘எனக்குக் கணக்கு வராது டீச்சர்’ என்று இன்றும் கடைத்தெருவில் சொல்கிறீர்கள், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்துக்கொண்டே. அதை உங்கள் மனதில் போட்டது நான். என்னை மன்னித்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறீர்களே, அதற்குத்தான் என் நன்றி. அந்தக் கீரைப் பாட்டியின் பேத்திக்குத் தனியாக ஒரு நன்றி. எனக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

இப்போது உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். நோட்டில் சிவப்புக் குறியோடு வந்தால் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, “இதை எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.