அப்பாவை ஊருக்குக் கொண்டு போன இரவு

வெள்ளவத்தையில் ஒரு அறையில் நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருவனுடைய அப்பா வைத்தியத்துக்கென்று கிளிநொச்சியிலிருந்து வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிரவே போய்விட்டார். கொழும்பில் எங்களுக்குப் படிக்கத் தெரியும், கொத்து வாங்கத் தெரியும். செத்த வீடு நடத்தத் தெரியாது.

விடிஞ்சதும் பிரேதத்தைத் தந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். தரவில்லை. சேர்த்த உடனேயே நடந்த சாவு என்பதால் திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேணுமாம். மகன்தான் அடையாளம் காட்ட வேணும், வாக்குமூலம் கொடுக்க வேணும். "என்ன வருத்தம் இருந்தது?" என்று சிங்களத்தில் கேட்டபோது அவனுக்கு வாயே திறக்கவில்லை. எங்களில் சிங்களம் தெரிந்தவன் பக்கத்தில் நின்று சொன்னான். அப்பாவின் கிளினிக் கொப்பி ஊரில் இருந்தது. அவனுடைய சித்தி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினா. பழைய இதய வருத்தம் என்று அதில் தெளிவாக இருந்தபடியால் பிரேதத்தை வெட்டாமலே விட்டார்கள். சாவில் சந்தேகம் இருந்தால் எரிக்க விடாமல், புதைக்கச் சொல்லுவதும் உண்டாம்.

இதற்கிடையில் வீட்டுக்கார அன்ரியின் சொல்லைக் கேட்டு, பொரளை கனத்தையில் பின்னேரம் நாலு மணிக்கு நேரம் எடுத்துவிட்டோம். செலவும் குறைவு, அலைச்சலும் இல்லை. அதைச் சொல்ல அம்மாவுக்கு ஃபோன் எடுத்தான். "முகத்தைக் காட்டாமல் எரிச்சுப்போடாதையடா" என்றா. அவ்வளவுதான். கனத்தையை ரத்துச் செய்தோம்.

மலர்ச்சாலைக்காரர் பிரேதம் பழுதாகாமல் மருந்து ஏற்ற வேணும் என்றார். 300 கிலோமீற்றருக்கும் மேலே போகவேணும், பிறகு வீட்டிலும் வைக்கவேணும். வண்டி வெறுமையாகத் திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான் கூலி. பெட்டி, மருந்து, வண்டி என்று தனித்தனியாக விலை கேட்டு எழுதி வாங்கினோம்.

பெட்டியை ஏற்றப் போகையில் அவர்தான் கேட்டார், "தம்பி, மரணம் பதிஞ்சாச்சோ?" ஊருக்குப் போய்ப் பதியலாம் என்றோம். அவர் தலையை ஆட்டினார். சாவு எந்தப் பிரிவில் நடந்ததோ, அந்தப் பிரிவுப் பதிவாளரிடம்தான் பதியலாம். கிளிநொச்சியில் பதிய முடியாது. பேந்து வங்கிக் கணக்கு, காணி, பென்சன் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது மரணச் சான்றிதழைத்தான். ஓடினோம். அங்கே பார்த்தால் ஆஸ்பத்திரிக் கடதாசியில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. அதைத் திருத்தி எடுக்க இன்னும் இரண்டு மணித்தியாலம்.

இருட்டினாப் பிறகுதான் வெளிக்கிட்டோம். கடதாசிகளின் பிரதியைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு, மூலத்தை அவன் மடியிலேயே வைத்திருந்தான். வவுனியா தாண்டும்வரை ஒருவரும் கதைக்கவில்லை.

விடியற்காலையில் வண்டி படலையில் நின்றது. அம்மா ஓடிவந்து பெட்டியைத் தொடவில்லை. முதலில் அவனுடைய முகத்தைத் தடவி, "சாப்பிட்டியோ?" என்று கேட்டா.