ஒரு வொரண்டியின் விலை எவ்வளவு?

போன மாதம் வொஷிங் மெஷின் ஒன்று வாங்கப் போனோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கணித ஆசிரியர்கள். அது தெரிந்த கடைக்கார நானா பில் போடாமல் ஒரு கொப்பியை எடுத்து எங்கள் முன் வைத்தார். "சேர், டீச்சர், கம்பனி வொரண்டி 2 வருஷம். அதுக்குப் பிறகு 3 வருஷத்துக்கு கடையால வொரண்டி குடுக்கப் போறன். 3,000 ரூபா போட்டா போதும் தானே?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2021இல் இப்படி வொரண்டி கொடுத்து அவர் நன்றாக அடிபட்டவர். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது பாட்ஸ் விலையும் ஏறியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற கைக்காசைப் போட்டு திருத்திக் கொடுத்தார்.

இந்த முறை அவருடைய கணக்கு இது. விற்றது 200 மெஷின். 3ஆம், 4ஆம், 5ஆம் வருடங்களில் திருத்தத்துக்கு வந்தது 12, 12, 11, மொத்தம் 35. அப்படியென்றால் நூற்றுக்குப் பதினேழரை. ஒரு திருத்தத்துக்கு வழமையாக 9,000 ரூபா. ஆக ஒரு மெஷினுக்கு 1,575 ரூபா. 3,000 வாங்கினால் பாதி லாபம்.

பார்த்தால் சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் 200 மெஷினும் ஒரே நாளில் விற்றவை அல்ல. 3ஆம் வருடத்தை எல்லாம் கடந்துவிட்டன. 4ஆம் வருடத்தை முடித்தவை 150, 5ஆம் வருடத்தை முடித்தவை 100 மட்டும்தான். இன்னும் 5 வயதாகாத மெஷின் 5ஆம் வருடத்தில் பழுதாகவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்தந்த வருடத்தைக் கடந்தவற்றால் மட்டும் வகுத்தோம். 200இல் 12 என்றால் நூற்றுக்கு 6. 150இல் 12 என்றால் 8. 100இல் 11 என்றால் 11. மூன்று வருடத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு 25 திருத்தம்.

அடுத்தது அந்த "வழமையாக". 35 திருத்தங்களையும் இன்றைய விலையில் போட்டுப் பார்த்தோம். பம்ப், வால்வு, பெல்ட் போன்ற சின்ன வேலை 20, ஒவ்வொன்றும் 9,000. பெயரிங் மாற்றியது 10, ஒவ்வொன்றும் 18,000. போர்ட் போனது 5, ஒவ்வொன்றும் 54,000. கூட்டினால் 630,000. 35ஆல் வகுத்தால் 18,000. நானாவின் 9,000 அடிக்கடி வருகிற தொகை. சராசரி அதன் இரண்டு மடங்கு. அந்த 5 போர்ட் மட்டும் 270,000 ரூபா. இப்போது ஒரு மெஷினுக்கு 4,500. 3,000க்கு விற்றிருந்தால் ஒவ்வொன்றிலும் 1,500 நட்டம்.

அதோடும் முடியவில்லை. வொரண்டி முடிந்தால் எத்தனை பேர் கடைக்கு வருகிறோம்? பக்கத்துத் தெரு பாஸிடம் கொடுத்து விடுகிறோம். 5 வருடம் கடந்த 50 வாடிக்கையாளருக்கு நானா கோல் எடுத்தார். கொப்பியில் அவர்களுடைய திருத்தம் 12 இருந்தது. அவர்கள் சொன்னதோ 18. இலவசம் என்றால் இந்த 18ம் கடைக்குத்தான் வரும். ஆக ஒன்றரை மடங்கு: 4,500 என்பது 6,750.

பிறகு பாட்ஸ் விலை. ஒரு வீட்டு மெஷின் பழுதானால் பழுதாகாத மூன்று வீட்டுக் காசு அதைத் தாங்கும். ஆனால் டொலர் ஏறினால் எல்லா வீட்டுத் திருத்தமும் ஒன்றாக ஏறும். அதற்கு எத்தனை மெஷின் விற்றாலும் சராசரி உதவாது. நூற்றுக்கு 30 கூட்டி வைத்தோம்: 8,775. கடையின் வேலைக்கும் கூலிக்கும் சேர்த்து 9,500 என்று முடிவானது. 2022 போல ஒன்று வந்தால் இந்த 30ம் போதாது என்பதையும் சொன்னோம்.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. "3,000 எண்டா சனம் வாங்கும், 9,500 எண்டா யோசிக்கும்" என்றார். யோசிக்கட்டும் என்றோம். இன்னொன்றையும் சொன்னோம்: முதல் 2 வருடம் கம்பனி பார்ப்பதால் ஒரு திருத்தமும் கடைக்கு வராது. 100 பேர் வாங்கினால் 950,000 ரூபா கையில் சும்மா கிடப்பது போல இருக்கும். அந்தக் காசில் பெருநாளைக்குச் சாமான் இறக்கினால், 3ஆம் வருடம் பிறக்கும்போது கை வெறுமையாக இருக்கும். அதை வேறு பேங்க் கணக்கில் போடச் சொன்னோம்.

"அப்ப நீங்க எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். 6,750 பெறுமதியானதுக்கு 9,500 கொடுப்பது கணக்கில் நட்டம்தான். 9,000 செலவை எங்களால் தாங்க முடியும். ஆனால் மாத நடுவில் 54,000 வந்தால் கடன்தான் வாங்க வேண்டும். அதனால் எடுத்தோம். கையில் அந்தக் காசு ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை.

எடுக்கிறவர்கள் ஒன்றைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்: போர்ட்டும் சேர்த்தியா? கரண்ட் கூடிக் குறைந்து போர்ட் எரிந்தாலும் சேர்த்தியா? போர்ட் இல்லாத வொரண்டி என்றால், நாங்கள் பயந்த அந்த 54,000 நம் தலையில்தான். அதற்கு 9,500 கொடுக்க வேண்டாம்.