பால் விட்ட சூடு, தண்ணீர் வாங்கிய சூடு

காலை ஏழே காலுக்குப் பால் குளிரூட்டும் நிலையத்துக்குள் நுழைந்தபோது கேன் இறக்கும் வேலை பாதி முடிந்திருந்தது. ஈரோடு மாவட்டத்தின் வடபகுதிக் கிராமங்களில் கறந்த பால் இங்கே வந்து சேருகிறது. தொட்டியில் கொட்டி, வடிகட்டி, பம்ப் வழியாகப் பிளேட் சில்லருக்குள் அனுப்புகிறார்கள். வரும்போது 34 டிகிரியில் இருக்கும் பால், ஒரு நிமிடத்துக்குள் 4 டிகிரிக்கு இறங்கி வெளியே வர வேண்டும்.

அன்று 8 டிகிரியில்தான் வந்துகொண்டிருந்தது.

பொறுப்பில் இருந்த ஆபரேட்டர் அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். பம்ப்பை மாற்றிவிடலாமா என்று உதவியாளர் தம்பி கேட்டார். "இருப்பா, மொதல்ல தண்ணி எத்தன போகுதுன்னு பாக்கலாம்" என்று அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். குளிர்நீர்க் குழாயில் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் எதுவும் இல்லை. தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு தண்ணீரின் அளவை எப்படிச் சொல்வார் என்பது எனக்குப் புரியவில்லை. அவர் சுவரில் சாக்பீஸால் கணக்கு எழுத ஆரம்பித்தார்.

பிளேட் சில்லர் என்பது வரிவரியாகப் பள்ளம் அழுத்திய மெல்லிய எவர்சில்வர் தகடுகளின் அடுக்கு. ஒரு தகட்டுக்கு இந்தப்பக்கம் பால், அந்தப்பக்கம் குளிர்நீர். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும், கலக்காது. பால் இழக்கும் வெப்பத்துக்குப் போக வேறு இடமில்லை, முழுக்கத் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். தகட்டடுக்கின் வெளிப்பக்கம் காற்றிலிருந்து வாங்கும் சூடு மிகச் சொற்பம், அதை விட்டுவிடலாம். ஆகவே பால் விட்ட சூட்டைத் தெரிந்துகொண்டால் தண்ணீர் வாங்கிய சூடும் தெரிந்துவிடும்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். பாலுக்கு அவ்வளவு தேவையில்லை. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம்தான் தண்ணீர், மிச்சம் கொழுப்பும் புரதமும் சர்க்கரையும். அவை தண்ணீரைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சூடேறிவிடும். எனவே பாலின் தன்வெப்பத்தை 0.93 என்று வைத்துக்கொள்கிறார்கள். எருமைப்பாலில் கொழுப்பு கூடுதலாக இருப்பதால் எண் கொஞ்சம் மாறும், இந்தக் கணக்கைக் கெடுக்கும் அளவுக்கு அல்ல.

இந்த நிலையத்தில் மணிக்கு 5,000 லிட்டர் பால் ஓடுகிறது. பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, லிட்டருக்கு 1.03 கிலோ. அப்படியானால் 5,150 கிலோ. அதை 0.93-ஆல் பெருக்கினால் சுமார் 4,790. பால் ஒரு டிகிரி இறங்கும்போது மணிக்கு இத்தனை கிலோகலோரி வெளியேறுகிறது. "இந்த எண்ணு ஒண்ண ஞாபகத்துல வெச்சுக்கிட்டாப் போதுங்க சார்" என்றார் அண்ணன். 34-லிருந்து 4-க்கு, 30 டிகிரி இறங்கினால் 1,43,700. தண்ணீரை 10 டிகிரிதான் சூடேற விடுவோம் என்று முடிவெடுத்தால், இதைப் பத்தால் வகுக்க, மணிக்கு 14,370 லிட்டர் தண்ணீர் தேவை. அவர்கள் 15,000 என்று வைத்திருக்கிறார்கள். பாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று வாய்வழியாகச் சொல்லும் கணக்கு இதுதான்.

தண்ணீரை 30 டிகிரி வரை சூடேற விட்டால் மணிக்கு 4,800 லிட்டரே போதுமே, பம்ப்புக்குக் கரண்டும் மிச்சமாகுமே என்று கேட்டேன். வகுத்தல் கணக்கு அதையும் ஒத்துக்கொள்ளும் என்றார், தகடு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் ஒன்றரை டிகிரியில் நுழைந்து முப்பத்தொன்றரையில் வெளியேறினால், தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாலுக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டரை டிகிரிதான் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் அத்தனை சூடும் கடந்து போக வேண்டுமானால் இப்போதிருப்பதைப் போலப் பல மடங்கு தகடு வேண்டும். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லும். இருக்கிற தகட்டால் அந்தச் சூட்டைக் கடத்த முடியுமா என்பதைச் சொல்லாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கருவி வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குள் அண்ணன் பாலும் தண்ணீரும் நுழையும், வெளியேறும் நான்கு இடத்திலும் வெப்பநிலை பார்த்துவிட்டார். நான்குக்கும் அதே ஒரு தெர்மாமீட்டர். ஒவ்வொரு குழாயிலும் வெவ்வேறு டயல் இருந்தாலும் அவற்றை அவர் நம்புவதில்லை. டயல்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி முன்பின் காட்டும், தண்ணீரின் ஏற்றம் ஐந்தே டிகிரியாக இருந்தால் அந்த ஒரு டிகிரி ஐந்தில் ஒரு பங்குப் பிழையாகிவிடும். ஒரே தெர்மாமீட்டர் தப்பாகக் காட்டினாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவு தப்பாகக் காட்டும். கழிக்கும்போது அது போய்விடும்.

பால் உள்ளே 34, வெளியே 8. தண்ணீர் உள்ளே ஒன்றரை, வெளியே பதினேழரை.

பால் இறங்கியது 26 டிகிரி. 4,790-ஐ 26-ஆல் பெருக்க 1,24,500. தண்ணீர் ஏறியது 16 டிகிரி. வகுத்தால் 7,780. மணிக்கு 15,000 லிட்டர் போக வேண்டிய குழாயில் பாதிதான் போகிறது.

தகட்டில் பால்கல் படிந்திருந்தாலும் பால் 8 டிகிரியில் வந்திருக்கலாமே என்றேன். ஆமாம், ஆனால் அப்போது தண்ணீர் இவ்வளவு சூடாகாது என்றார். தண்ணீர் முழுசாக ஓடி, சூடு மட்டும் தகட்டைக் கடக்க முடியாமல் நின்றால், அதே 1,24,500 பதினைந்தாயிரம் லிட்டரில் பரவும். ஏற்றம் எட்டு டிகிரி சொச்சம், தண்ணீர் பத்துக்குள் வெளியே வரும். அப்படி இருந்தால் பாலை நிறுத்திக் காஸ்டிக்கும் ஆசிட்டும் ஓட்டிக் கழுவ வேண்டும். நுழையும் தண்ணீரே ஐந்து டிகிரி என்றால் கோளாறு வேறு. கரண்ட் போய்ப் போய் வரும் கோடை நாட்களில் ஐஸ் தொட்டியில் பனி கரைந்துபோய் அப்படி ஆகும். அன்றைக்கு எத்தனை தண்ணீர் ஓட்டினாலும் பால் ஐந்துக்குக் கீழே இறங்காது. பாலின் டிகிரியை மட்டும் பார்த்தால் மூன்று கோளாறும் ஒன்றுபோலத் தெரியும். தண்ணீரின் இரண்டு டிகிரிகள்தான் பிரித்துக் காட்டுகின்றன.

கணக்கைச் சரிபார்க்க ஐஸ் தொட்டியில் வந்து விழும் திரும்புகுழாயை 200 லிட்டர் பேரலுக்குள் திருப்பினார்கள். தம்பி செல்போனில் நேரம் பார்த்தார். நிரம்ப 93 நொடி. நிமிடத்துக்கு 129 லிட்டர், மணிக்கு 7,740-ஐ ஒட்டி. சுவர்க் கணக்குக்கும் பேரலுக்கும் இருந்த வித்தியாசம் நூறு லிட்டருக்கும் குறைவுதான். எனக்கு அது பெரிய வியப்பாக இருந்தது, அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றினார்கள். சல்லடைக்கூடு முழுக்கத் துருச்செதிலும், தொட்டியின் தெர்மோகோல் காப்பிலிருந்து உதிர்ந்த வெள்ளை மணிகளும், பாசியும் சேறுபோல அப்பியிருந்தன. குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தார் தம்பி. பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டி வால்வைத் திறந்தார்கள். பேரல் இந்தமுறை 48 நொடியில் நிரம்பியது.

பால் 4.5-க்கு வந்தது, திரும்பும் தண்ணீர் 11-க்கு இறங்கியது. அண்ணன் சுவரில் இருந்த பழைய எண்ணை அழித்துவிட்டு, தேதி போட்டு 48 என்று மட்டும் எழுதினார். அதற்குள் அடுத்த வண்டி கேன்களோடு வாசலில் வந்து நின்றது.