ஓரத்துல ஒரு எழுத்து!

பயோடேட்டா ரெடி, கவரிங் லெட்டரும் ரெடி. ஸ்பெல்லிங் பார்த்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. அனுப்பிடலாம்னுதானே நினைக்கிறீங்க? ஒரு பத்து நிமிஷம் பொறுங்க பாஸ். லெட்டரை ஒரு பிரின்ட் எடுத்துட்டு, பென்சிலோட உட்காருங்க.

'இதைச் செஞ்சேன்', 'எனக்கு இது தெரியும்'னு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் அடிக்கோடு போடுங்க. 'யார் சொன்னா?'னு கேட்டா எதைக் காட்டுவீங்க? சான்றிதழ்னா ஓரத்துல 'சா'. புராஜெக்ட்னா 'பு'. நேர்ல பார்த்த ஒருத்தர் சொல்லணும்னா 'ஆ'. ஓரம் காலியா இருக்கிற வரி மாறணும், இல்லேன்னா போகணும்.

தென்காசியில என் நண்பன் ஒருத்தன், ஈ.சி.ஈ. மூணாம் வருஷம். இன்டர்ன்ஷிப் கேட்டு அவன் எழுதின லெட்டரை ரெண்டு பேரும் இப்படித்தான் சலிச்சோம்.

முதல் வரியே பிரமாதம். 'குற்றாலம் மெயினருவிக்கு வெள்ள எச்சரிக்கைக் கருவி வடிவமைத்து நிறுவினேன்.' ஓரத்துல 'பு' போட்டுட்டு, புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பக்கத்துல வச்சோம். அதுல நாலு பேர் பெயர் இருக்கு. சோதனை நடந்தது காலேஜ் சிமென்ட் தொட்டியில. சென்சார், நாலு மீட்டர் வரைக்கும் அளக்கிற சாதாரண அல்ட்ராசானிக். அது ஒலியை அனுப்பி, தண்ணியில பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை வச்சு தூரத்தைக் கணக்குப் போடும். தொட்டியில தண்ணி அசையாம கிடக்கும். அருவியில நுரையும் சாரலும் தெறிக்குமே, அங்கே அளவு தப்பாகும். அந்தச் சோதனை ரிப்போர்ட்லயே இல்லை. ஆக, புராஜெக்ட் இருக்கு. ஆனா 'நிறுவினேன்'ங்கிற வார்த்தைக்கு ஆதாரம் இல்லை.

"ஏல, எல்லாரும் இப்படித்தான் எழுதுதாங்க"ன்னான். இருக்கலாம். ஆனா 2024 மே 17-ல் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து, 17 வயசுப் பையன் ஒருத்தன் உயிரே போச்சு. அந்த ஊர்ல எச்சரிக்கைக் கருவி வச்சேன்னு படிக்கிறவர், 'யார் அனுமதி கொடுத்தா? இப்பவும் ஓடுதா?'ன்னுதானே முதல்ல கேட்பார்!

வரி இப்படி மாறிச்சு: 'நால்வர் குழுவாக நீர்மட்டம் அளக்கும் மாதிரிக் கருவி செய்து, கல்லூரித் தொட்டியில் சோதித்தோம். நிரல் என் பகுதி.' இப்போ ஒவ்வொரு வார்த்தைக்கும் ரிப்போர்ட்ல பக்கம் இருக்கு. கைடும் ஆமான்னு சொல்வார்.

அடுத்தது, 'பைத்தானில் நல்ல தேர்ச்சி'. 'சா' போடலாம்னான். எடுத்துப் பார்த்தா, ரெண்டு நாள் பயிலரங்குல 'கலந்துகொண்டார்'னு இருக்கு. கலந்துக்கிட்டதுக்குத்தான் அது சாட்சி, தேர்ச்சிக்கு இல்லை. 'தொட்டிச் சோதனையின் அளவுகளைப் பைத்தானில் வரைபடமாக்கினேன்'னு மாத்தினோம். 'சா' போய் 'பு' வந்துடுச்சு!

சான்றிதழை வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் பார்க்கிறது ஏன் முக்கியம்? யாகூவோட தலைமை அதிகாரியா 2012 ஜனவரியில வந்தவர் ஸ்காட் தாம்ப்சன். அவரோட அறிமுகக் குறிப்புல கணக்கியலோட கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் இருந்துச்சு. அவர் படிச்சு முடிச்சது 1979-ல. அந்தக் காலேஜ் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமே 1983-லதான் கொடுக்க ஆரம்பிச்சது. ஒரு பங்குதாரர் இதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல, மே மாசமே பதவி போச்சு. கணக்கியல் பட்டம் நிஜம்தான், கூடச் சேர்ந்த ரெண்டு வார்த்தைதான் கவுத்துச்சு.

'தலைமைப் பண்பும் கடின உழைப்பும் கொண்டவன்'ங்கிற வரிக்கு ஓரத்துல எதுவுமே வரலை. அடிச்சுட்டோம்.

இந்த வேலையில இன்னொரு ஆபத்தும் இருக்கு. பேப்பர் இல்லைங்கிறதுக்காக நிஜத்தையும் அடிச்சுடுவோம்! நண்பன் மூணு சீசனா குற்றாலத்துல ஒரு சிப்ஸ் கடையில நிக்கிறான். கேரளாவுல இருந்து வர்ற கூட்டத்தோட மலையாளத்துலதான் பேரம். அதுக்குச் சான்றிதழ் இல்லைன்னு அவன் எழுதவே இல்லை. ஆனா கடைக்கார அண்ணாச்சி இருக்காரே! போன் போட்டு, "அண்ணாச்சி, மூணு சீசன் கடையில நின்னேன், மலையாளம் பேசுவேன்னு எழுதப் போறேன். யாராச்சும் கேட்டா சொல்வீங்களா?"ன்னு கேட்டான். "மூணு சீசன் சரிதான். கல்லாவையும் நீதானே பார்த்தே, அதையும் எழுதுடே"ன்னார். 'ஆ' கிடைச்சுது.

ஆளைச் சொல்றப்போ இதே மாதிரி அந்த வரியை அவர்கிட்ட வாசிச்சுக் காட்டிடுங்க. பெரிய பதவியில இருக்கிறவரைவிட, நீங்க வேலை செஞ்சதைக் கண்ணால பார்த்தவர்தான் தேவை. எச்.ஓ.டி.க்கு உங்க மார்க் தெரியும், மலையாளம் தெரியாது.

பென்சில் குறிப்போட இருக்கிற பிரின்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டா முந்தின ராத்திரி படிக்க வேண்டியது அதுதான். எந்த வரியைப் பத்திக் கேட்டாலும், எந்தப் பேப்பரை எடுக்கணும், யார் நம்பரைக் கொடுக்கணும்னு ஓரத்துலயே எழுதியிருக்கும்!